ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்

கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏழு பேர் ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தச் சீட்டு கொடுக்கும் இடத்தில் நின்றோம். மணி 12.35. "நடை சாத்தப் போறாங்க, இனி மூணு மணிக்கு மேலதான்" என்றார் உள்ளே இருந்தவர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். தங்கையின் மகனுக்கு ஐந்து வயது, அவன் அழுதான்.

மூன்று வருடம் முன்பு நடந்தது இது. அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவர் எங்கள் மாப்பிள்ளை, தங்கை வீட்டுக்காரர். எக்ஸெலில் கட்டம் கட்டி, வண்ணம் பூசி, பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்தார். மதுரை கே.கே. நகரில் காலை 5 மணிக்குப் புறப்பாடு. ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். போன் காட்டிய ஓட்ட நேரம் 3 மணி 10 நிமிடம். வழியில் டீ 10 நிமிடம், டிபன் 30 நிமிடம். 8.50க்கு ஊருக்குள். லாட்ஜில் 25 நிமிடம், அக்னி தீர்த்தக் கடலில் 30 நிமிடம், 9.45க்கு இருபத்திரண்டு தீர்த்தங்களில் முதலாவது. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம்.

அன்று மதியம் லாட்ஜ் அறையில் எல்லாரும் படுத்துவிட்ட பிறகு, 9.45 எப்படி 12.35 ஆனது என்று கணக்குப் பார்த்தேன். 170 நிமிடம் எங்கே போயிற்று? வீட்டிலிருந்து கிளம்பவும், வழியில் டீசல் போடவும் 40. பத்து நிமிட டீ அரை மணி ஆனதில் 20. டிபன் இழுத்தது 35. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே கரி மூட்டை லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தது 20. பாம்பன் பாலத்தில் 30. லாட்ஜில் அறை தயாராகாமல் வராந்தாவில் உட்கார்ந்தது 25. கூட்டினால் சரியாக 170.

போக்குவரத்தைத் திட்டிக்கொண்டேதான் ஊருக்குள் நுழைந்திருந்தோம். ஆனால் இந்தக் கணக்கில் ரோடு சாப்பிட்டது லாரியும் பாலமும் சேர்ந்து 50 நிமிடம்தான். மீதி 120 எங்களுடையது. ஏழு பேர் வண்டியிலிருந்து இறங்கி, கழிப்பறைக்குப் போய், ஒருவர் செருப்பை இன்னொருவர் தேடி, திரும்ப ஏறுவதற்கு ஆகும் நேரம் எந்த வரைபடத்திலும் வராது. போன் சொல்வது வண்டி ஓடும் நேரம். குடும்பம் ஓடும் நேரம் வேறு.

இரண்டாவது தடவை, போன பிப்ரவரியில், திட்டத்தை நான் எழுதினேன். தேதி பார்ப்பதில் ஆரம்பித்தேன். தை, ஆடி அமாவாசைகளில் ராமேஸ்வரத்துக்குக் காரில் போகிறவர் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை சபரிமலை போய்வரும் வண்டிகள் இந்தப் பக்கமும் திரும்பும். செப்டம்பர் 11 பரமக்குடியிலும், அக்டோபர் கடைசியில் பசும்பொன்னிலும் நினைவு நாட்கள். அந்த நாட்களில் போலீஸ் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடும். தை அமாவாசை முடிந்த பிறகு வந்த, முகூர்த்தம் இல்லாத ஒரு சனி, ஞாயிறைக் காலண்டரில் வட்டமிட்டேன்.

பிறகு திட்டத்தைப் பின்னாலிருந்து எழுதினேன். எங்கே கதவு மூடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ராமநாதசுவாமி கோயில் பகல் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கும். தனுஷ்கோடிப் பாதையில் சாயங்காலம் 5 மணியை ஒட்டிச் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்தத் தொடங்குவார்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்தாக வேண்டும். உத்திரகோசமங்கை கோயில் நண்பகலில் சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான். கடைசியாக, ஞாயிறு இரவு ஒன்பதுக்கு மேல் மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். தங்கை குடும்பம் அதில் சென்னை திரும்ப வேண்டும். ஆக இரண்டு நாளில் நாலு கதவு. மற்ற இடங்களுக்கு அரை மணி பிந்திப் போனால் அரை மணி பிந்திப் பார்ப்போம், அதற்கு மேல் நஷ்டமில்லை. இந்த நாலுக்கு மட்டும் ஐந்து நிமிடம் பிந்தினால் இரண்டு முதல் நாலு மணி நேரம் போகும், இல்லையென்றால் மொத்தமும் போகும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பத்துப் பத்து நிமிடம் உபரி தூவுவதில் பிரயோஜனம் இல்லை. உபரியையெல்லாம் திரட்டி இந்த நாலு கதவுக்கும் முன்னால் குவிக்க வேண்டும்.

இதில் பெரிய கதவு தீர்த்தம். முதல் திட்டத்தின் பிழை அங்கேதான். 170 கிலோமீட்டர் ரோட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதே நாள் பகல் ஒரு மணியைக் குறி வைத்தோம். இரண்டாவது திட்டத்தில் தீர்த்தத்தைத் தூக்கி மறுநாள் விடியற்காலைக்குப் போட்டேன். லாட்ஜிலிருந்து கடல் நடக்கிற தூரம், கடலுக்கு எதிரே கோயில். நடுவில் ரோடே இல்லை என்றால் போக்குவரத்துக்கு என்ன வேலை? ஒரு ராத்திரித் தூக்கத்தை விட நல்ல உபரி நேரம் கிடையாது.

உபரியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துவைத்திருந்தேன். தாளில் 'உபரி 30 நிமிடம்' என்று எழுதினால் அது அன்றே செத்தது. "அதான் அரை மணி இருக்கே" என்று தங்கை ஒரு கடையில் இறங்குவாள், என் மனைவி அடுத்த கடையில். அதனால் இரண்டு தாள் எழுதினேன். வீட்டாருக்குக் கொடுத்த தாளில் உபரி என்ற வார்த்தையே இல்லை. 'மதிய ஓய்வு', 'டீ', 'உடை மாற்ற' என்று இருந்தது. புறப்பாடு 5.30. என் சட்டைப் பையில் இருந்த தாளில் புறப்பாடு 6.00.

சனிக்கிழமை 6.05க்குக் கிளம்பினோம். டீசலும் டயர் காற்றும் முந்தின ராத்திரியே பார்த்தாயிற்று. டிரைவரிடம் பேட்டா பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். விரகனூர் ரிங் ரோடு, சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி டோல், பானைக்கும் கடத்துக்கும் பேர் போன மானாமதுரை என்று பரமக்குடி வரை 75 கிலோமீட்டர் நாலு வழிச் சாலை. அந்த நேரத்தில் ஒன்றேகால் மணி போதும். நான் ஒன்றரை போட்டிருந்தேன். நாலு வழியில் பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் உபரி என்பது என் கணக்கு, அதற்கு மேல் இருந்தது பார்த்திபனூர் பக்கம் வாந்தி எடுக்கப்போகும் என் மருமகனுக்கு. கணக்குத் தப்பவில்லை. வண்டியை ஓரம் கட்டி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, சட்டை மாற்றி, 7.45க்குப் பரமக்குடியில் இலை போட்டு உட்கார்ந்தோம். அங்கே 45 நிமிடம்.

பரமக்குடியைத் தாண்டினால் ரோடு வேறு ஜாதி. ராமநாதபுரம் வரை 38 கிலோமீட்டர், இரு வழிதான். இதை நாலு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை முடியும் வரை இங்கே கணக்கு மாறும். போன் 45 நிமிடம் என்றால் நான் ஒரு மணி நேரம் என்று எழுதுவேன், மூன்று நிமிடத்துக்கு ஒரு நிமிடம் உபரி. காரணம் ரோட்டோரம் முழுக்கத் தெரிகிறது. கண்ணுக்கெட்டிய வரை சீமைக் கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டு எடுத்த கரியை, கூண்டுக்கு மேல் கூண்டு உயரம் அடுக்கிக்கொண்டு லாரிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிரே ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வேன்கள் வரிசையாக வரும்போது முந்தவும் இடமில்லை. முந்த அவசரப்படாத டிரைவர் கிடைத்ததே எங்கள் பாக்கியம். "போகட்டும்ணே, அவனும் ராம்நாடுதான் போறான்" என்றார். 9.30 ராமநாதபுரம்.

அங்கிருந்து உச்சிப்புளி, மண்டபம். பனை மரங்கள் தென்னைக்கு இடம் விட ஆரம்பித்ததும் காற்றில் உப்பு ஏறும். 43 கிலோமீட்டரில் பாம்பன் பாலம்.

இந்தப் பாலத்தில் நேரம் தொலைவது ஏன் என்று நிதானமாகப் பார்த்தேன். 1988இல் திறந்த சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு தடம்தான். உச்சிக்கு வந்ததும் கீழே நீலமும் பச்சையுமாகக் கடல். இடது கைப் பக்கம் 1914ஆம் வருடத்து ரயில் பாலம், அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே தூக்கும். யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றாது? நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது, போலீஸும் வந்து விரட்டுகிறது. ஆனாலும் ஒரு வண்டி நின்றால் பின்னால் ஐந்து நிற்கும், எதிர்ப் பக்கமும் நிற்கும். கடைசியில் நடுவே ஒரு வண்டி அகலம்தான் மிஞ்சும், அதில் பஸ் ஒன்று வந்து நுழையும். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் உள்ளே போகும் பக்கமும், சாயங்காலம் வெளியே வரும் பக்கமும் இறுகும். அரை மணி எழுதியிருந்தேன், 40 நிமிடம் ஆயிற்று. நாங்கள் நிறுத்தவில்லை. ஊர்கிற வண்டியிலேயே பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

11.25க்குப் பேக்கரும்பு. அப்துல் கலாம் நினைவிடம் ஊருக்குள் நுழையும் ரோட்டிலேயே இருக்கிறது, தனியாகச் சுற்ற வேண்டாம். என் தாளில் 11.00 என்று இருந்தது. அந்த 25 நிமிடத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும்தான், ஏனென்றால் அடுத்தது 'மதிய ஓய்வு'. லாட்ஜ், சாப்பாடு, படுக்கை என்று இரண்டேகால் மணி அதற்கு ஒதுக்கியிருந்தேன். உண்மையில் ஒன்றரை மணி போதும். 12.40க்கு அறைக்குப் போனோம். அறை தயாராக இருந்தது. அன்று எங்கே என்ன பிந்தியிருந்தாலும் இந்தத் தலையணைக்குள் அமுங்கியிருக்கும்.

2.30க்குக் கிளம்புவது மட்டும் கண்டிப்பு. தனுஷ்கோடிக் கதவுக்கு முன்னால் இரண்டரை மணி நேரம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை 24 கிலோமீட்டருக்குள்தான். நேரே போனால் 40 நிமிடம். வழியில் கோதண்டராமர் கோயிலில் 20 நிமிடம் நின்றோம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்தபோதும் இடியாமல் நின்ற கோயில் அது. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலில் வேன்காரர் கூப்பிடும்போதுதான் போக முடியும், அவர் கிளப்பும்போதுதான் வர முடியும். 2017இல் முனை வரை தார் ரோடு வந்த பிறகு நேரம் நம் கைக்கு வந்தது, கூட்டமும் கூடவே வந்தது. முனையில் ரோடு ஒரு வட்டமடித்து அசோகர் தூணைச் சுற்றித் திரும்பிவிடும். நிறுத்த இடம் கொஞ்சம். மூன்றரைக்குப் போனதால் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நாங்கள் திரும்பிய 4.50க்கு வண்டிகள் முக்கால் கிலோமீட்டருக்கு ஓரத்தில் நின்றிருந்தன, அம்மா வயதுக்காரர்கள் எதிர்க்காற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அரிச்சல்முனையில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூரியன் விழும் நேரத்தில் உங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தேவாலய இடிபாட்டுக்குத் திரும்பும் வழியில் 15 நிமிடம் வைத்திருந்தேன். பவளப் பாறைக் கல்லில் கட்டிய சுவர்; மருமகன் அதில் கடற்பஞ்சு மாதிரி துளைகளைக் கண்டுபிடித்து விரல் விட்டுக்கொண்டிருந்தான். 25 நிமிடம் ஆனது. விட்டுவிட்டேன்.

மறுநாளுக்கு ஒரு வழக்கு இருந்தது. காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் பார்க்க வேண்டும் என்றாள் என் மனைவி. அம்மாவுக்கு உத்திரகோசமங்கை. இரண்டும் ஆகாதா என்று ராத்திரி தோசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். தரிசனம் முடிந்து ஆறுக்கு வெளியே வந்து, கடல், தீர்த்தம், உடை மாற்றி சுவாமி, டிபன் என்று போனால் லாட்ஜை விட்டுக் கிளம்ப 10.15. ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி. அங்கிருந்து உத்திரகோசமங்கை 18 கிலோமீட்டர், அரை மணி. சரியாக 12.00. சாத்துகிற நேரத்துக்குச் சாத்துகிற கதவில் போய் நிற்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை எனக்கு" என்றாள். கணக்கைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

ஞாயிறு காலை 5.15க்குக் கடலில் இருந்தோம். ஆறு மணிக்கு முதல் ஆட்களோடு தீர்த்தத்துக்குள். ஆளுக்கு 25 ரூபாய் சீட்டு. ஒவ்வொரு கிணற்று மேடையிலும் ஒருவர் நின்று வாளியால் சேந்தி, தலையில் ஊற்றி, அடுத்தவரைப் பார்ப்பார். கிணற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் இருபத்திரண்டுக்கு 66 நிமிடம். கூட்ட நாளில் இதே சுற்று இரண்டரை மணி நேரம் இழுக்கும், ஏனென்றால் தரை முழுக்க ஈரம், வயதானவர்கள் வழுக்காமல் அடி வைக்க வைக்க வரிசை முழுவதும் அவர்கள் நடைக்குத்தான் நகரும். 7.20க்குக் கோடி தீர்த்தத்தில் முடித்தோம்.

ஈர உடையோடு மூலவர் சந்நிதிக்குப் போகக் கூடாது. மாற்று உடை வேண்டும். கோயிலுக்குள் போனும் கூடாது. முதல் பயணத்தன்று மாலை இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்களைத் தொலைத்தன: பையை வைத்திருந்த மாப்பிள்ளை ஒரு வாசலில், நாங்கள் இன்னொரு வாசலில், கூப்பிடப் போனில்லை. இந்தத் தடவை பையோடு மாப்பிள்ளை எந்தத் தூணடியில், எத்தனை மணிக்கு நிற்பார் என்பதைத் தாளில் எழுதி, முந்தின மாலையே எல்லாரையும் அந்தத் தூணுக்கு அழைத்துப் போய்க் காட்டியிருந்தேன். சுவாமி, அம்பாள், மூன்றாம் பிரகாரத்தில் ஒரு சுற்று. 9.35க்கு வண்டி நகர்ந்தது. பாம்பன் பாலத்தில் எதிர்ப் பக்கம் அடைந்து கிடந்தது. எங்கள் பக்கம் நாலே நிமிடம்.

11.20 உத்திரகோசமங்கை. கதவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் கையில். மரகத நடராஜருக்கு வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு, மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் சந்நிதியில் கண்ணை இடுக்கி, சந்தனத்துக்குள் பச்சை தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகு தல விருட்சமான இலந்தை மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. கதவைத் தாண்டிவிட்டோம், இனி மதுரை வரை எந்தக் கதவும் இல்லை. இருப்பது கீழடி மட்டும்.

கீழடியைத் திட்டத்தில் வைத்ததே வெட்டுவதற்குத்தான். இப்படி ஓர் இடம் இரண்டாம் நாள் மதியத்தில் இருந்தாக வேண்டும்: வழியிலேயே இருக்கணும், வீட்டுக்குக் கிட்ட இருக்கணும், விட்டால் இன்னொரு நாள் போகக்கூடியதாக இருக்கணும். 2023இல் திறந்த அருங்காட்சியகம் மதுரையிலிருந்து 13 கிலோமீட்டர்தான். நாலு மணிக்குள் அந்தத் திருப்பத்துக்கு வந்தால் போவது, இல்லையென்றால் நேரே வீடு என்பது என் விதி.

ராமநாதபுரத்தில் சாப்பிட்டுக் கிளம்பும்போது 2.20. மறுபடி இரு வழி, மறுபடி லாரி. 'கீழடி அருங்காட்சியகம்' பலகை தெரிந்தபோது 4.25. நேரே வீடு என்றேன். பத்து வயது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளியில் அதைப் பற்றிப் பேசப் பேர் கொடுத்திருக்கிறாளாம். முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளை முகம் துடைக்க டிஷ்யூ தேடி டாஷ்போர்டைத் திறந்தார். சட்டை மாற்றும்போது என் தாளை அங்கே வைத்திருந்தேன். அதை எடுத்து விரித்து, முழுதாகப் படித்தார்.

"மச்சான், புறப்பாடு ஆறு மணின்னு போட்டிருக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரயிலுக்கு முன்னாடி வீட்டுல மூணு மணி நேரம் உபரின்னும் போட்டிருக்கே?"

டிரைவர் அதற்குள் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டார்.